பத்தாம் நாளுக்குப் பிறகு

(கைம்பெண்கள் ஆதரவு வட்டத்தின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

துயரமும் ஆறுதலும் என்னும் பொருளில் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். ஆறுதல் மொழி கூறுவதில் நான் வல்லவள் அல்லேன். முப்பது ஆண்டுகள் வட்டாட்சியர் அலுவலகத்தில் பணியாற்றியவள். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டி வந்து நின்ற எத்தனையோ பெண்களின் மனுக்கள் என் மேசையைக் கடந்து சென்றிருக்கின்றன. பின்னர் அத்தகைய மனு ஒன்றை என் பெயரிலேயே எழுத நேர்ந்தது. என் கணவர் மறைந்து இப்போது பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. மேசையின் இரு பக்கமும் நின்றவள் என்ற முறையில் நான் கண்டவற்றைச் சொல்கிறேன்.

நம் இல்லங்களில் ஒரு மரணம் நிகழ்ந்தால் முதல் பத்து நாட்களுக்கு யாரும் எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை. உறவினர் வருகின்றனர். அண்டை வீட்டார் அடுப்பேற்றிக் கொடுக்கின்றனர். நாள் கணக்கு ஊருக்கு ஊர் சற்று முன்பின் இருக்கலாம். ஆனால் சூதகம் கழிந்து, சடங்குகள் முடிந்து, பந்தல் பிரித்த மறுநாள் காலை எல்லா ஊர்களிலும் ஒன்றுபோலவே விடிகிறது. வாடகைப் பாத்திரங்கள் திரும்பிப் போய்விடுகின்றன. வெளியூர்ச் சகோதரர்கள் பேருந்து ஏறுகின்றனர். வீடு அமைதியாகிறது. அந்த வீட்டிலுள்ள பெண்ணுக்கு உண்மையில் என்ன நிகழ்ந்தது என்பது அன்றுதான் விளங்கத் தொடங்குகிறது. நாம் திரும்பிச் செல்லும் நாளும் அவளுடைய துயரம் தொடங்கும் நாளும் ஒன்றாக இருக்கின்றன. இந்த வட்டம் செய்ய வேண்டிய பணி பத்தாம் நாளுக்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது என்று நான் கருதுவது அதனால்தான்.

முதலில் உணவைப் பற்றிச் சொல்கிறேன். சிறிய விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். நாம் இரவுணவு கொள்ளாதவர்கள். பிற சமயத்துக் குடும்பத்தில் துயருற்ற ஒரு பெண் மாலையில் உண்ண மனமில்லாமல் இருந்தால், இரவு ஒன்பது மணிக்கு யாரேனும் ஒரு தம்ளர் பால் கொடுத்து அருந்த வைத்துவிடுவர். நம் வீட்டுப் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மாலை ஐந்து மணிக்கு “இப்போது வேண்டாம்” என்று சொல்லிவிட்டாள் என்றால் அடுத்த வாய் உணவு மறுநாள் காலைதான். அதிலும் அஷ்டமியோ சதுர்த்தசியோ வந்துவிட்டால் நோன்பு என்ற பெயரில் அதுவும் தள்ளிப்போகும். இவ்வாறு ஒரு வாரம் கழிந்தால் எழுந்து நடக்கவும் வலு இராது. அவள் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவளாக இருந்தால் நிலைமை ஆபத்தானது. மாத்திரையை விழுங்கிவிட்டு உணவை விட்டுவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், பேச்சில் தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். அழுது களைத்திருக்கிறாள் என்று நாம் எண்ணிக்கொண்டிருப்போம்.

ஆகவே வட்டத்தினர் செல்ல வேண்டிய நேரம் மாலை நான்கு மணி. துக்கம் விசாரிப்பவர்கள் வழக்கமாக ஏழு மணிக்கு மேல்தான் வருகின்றனர். நான்கு மணிக்குச் சென்றால் ஐந்து மணிக்குள் அவளுடன் அமர்ந்து நீங்களும் உண்ணலாம். “சாப்பிட்டாயா?” என்று கேட்டால் எந்தப் பெண்ணும் “ஆயிற்று” என்றுதான் சொல்வாள். கேட்காமல் இரண்டு தட்டுகளில் பரிமாறுங்கள். என் கணவர் மறைந்தபோது பக்கத்து வீட்டு அம்மையார் ஏறத்தாழ நாற்பது நாட்கள் இதைத்தான் செய்தார். ஒரு தத்துவமும் பேசவில்லை. ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே தம் வீட்டுப் பசு மாட்டைப் பற்றிப் பேசுவார். அந்த மாட்டின் குணாதிசயங்கள் அனைத்தும் இன்றும் எனக்கு நினைவிருக்கின்றன.

இங்கே நம் சமயம் பற்றி ஒன்றைக் கூறியாக வேண்டும். துயருற்றவளிடம் சென்று, “அழாதே அம்மா, அழுதால் ஆர்த்தத் தியானம் ஆகிவிடும், கர்மம் கட்டும்” என்று உபதேசிப்பவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். அன்புக்குரியதைப் பிரிந்து அதையே நினைந்து வருந்துவது நால்வகை ஆர்த்தத் தியானங்களுள் ஒன்று என்பது உண்மை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் அதைச் சொல்கிறது. ஆனால் அதே நூலின் ஆறாம் அத்தியாயத்தையும் அவர்கள் படித்திருக்க வேண்டும். துக்கம், சோகம், கதறல் போன்றவற்றைத் தன்னிடத்திலோ பிறரிடத்திலோ உண்டாக்குவது அசாதா வேதநீய கர்மத்தின் ஊற்றுக்குக் காரணம் என்று அங்கே கூறப்பட்டுள்ளது. பிறரிடத்தில் உண்டாக்குவதும் அதில் அடங்கும் என்பதைக் கவனியுங்கள். அழுகின்ற பெண்ணின் கர்மக் கணக்கைப் பார்க்கச் சென்றவர், “அவள் கால் பட்ட நேரம்” என்றோ “பூர்வ ஜன்மப் பாவம்” என்றோ ஒரு சொல்லை விட்டுவிட்டு வந்தால், தம் கணக்கில் எதை ஏற்றிக்கொண்டார் என்று சிந்திக்க வேண்டும். இறந்தவரின் ஆயுள் முடிந்தது அவருடைய ஆயுள் கர்மம் தீர்ந்ததனால். மனைவியின் வினையால் கணவன் ஆயுள் குறையும் என்று நம் ஆகமம் எதுவும் சொல்லவில்லை.

இன்னொன்று மென்மையான விஷயம். இருந்தும் பேசாமல் விட முடியவில்லை. சில சகோதரிகள், குறிப்பாக முதியவர்கள், “எனக்கு இனி உணவு வேண்டாம், சல்லேகனை இருந்து போய்விடுகிறேன்” என்கின்றனர். கேட்பவர்கள் பக்தி என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடுகின்றனர். சல்லேகனை, உடல் தர்மத்தைக் காக்க உதவாத நிலையை அடைந்தபின், குருவின் அனுமதியுடன், அமைதியான சித்தத்தோடு ஏற்கப்படும் விரதம். சாக வேண்டும் என்ற விருப்பமே அவ்விரதத்துக்கு அதிசாரம், அதாவது குற்றம், என்று வகுக்கப்பட்டுள்ளது. கணவனை இழந்த மூன்றாம் வாரத்தில் உணவைத் தள்ளுவது நோன்பு அன்று. அது துயரத்தின் நோய்முகம். அவ்வாறு பேசும் பெண்ணைத் தனியே விடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். அழுவது நோயன்று, ஓராண்டு கடந்தும் அழுகை வரலாம், எனக்கு இன்றும் வருகிறது. ஆனால் மாதங்கள் பல கடந்தபின்னும் குளிக்க, உண்ண, பிள்ளைகளைக் கவனிக்க இயலாமல் முதல் நாள் போலவே இருந்தால் அதற்கு மருத்துவ உதவி தேவை.

அடுத்து மதிப்பு. இதைப் பற்றிக் குறைவாகவே பேசுவேன், ஏனெனில் செய்ய வேண்டியது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். கைம்பெண் என்னும் சொல்லில் இரண்டு பொட்டு இருக்கிறது, விதவை என்னும் சொல்லில் ஒன்றுகூட இல்லை என்று கலைஞர் கருணாநிதி கூறியதாகச் சொல்வார்கள். சொல் மாறிவிட்டது. திருமண மண்டபத்தில் அவள் உட்காரும் வரிசை மாறவில்லை. ஆலயத்தில் அபிடேகம் பார்க்கும்போது முன்னே நிற்கிறோம். அதே அவையினர் நடத்தும் நிச்சயதார்த்தத்தில் தட்டு எடுக்கும் நேரம் வந்தால் நாமாகவே சமையற்கட்டுப் பக்கம் நகர்ந்துவிடுகிறோம். யாரும் போகச் சொல்வதில்லை. அழைப்பதும் இல்லை. தன் மகளின் திருமணத்தில் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்த தாய்மார்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள்.

மங்கலம் அமங்கலம் என்று இப்படிப் பிரிப்பதற்கு நம் சமயத்தில் இடமே இல்லை. நாம் மங்கலம் என்று சரணடைவது அருகர், சித்தர், சாதுக்கள், கேவலி உரைத்த தருமம் ஆகிய நான்கையே. இவற்றுள் தாலியும் பொட்டும் எங்கே வருகின்றன? பீகாரில் ஆரா நகரத்தில் 1921ஆம் ஆண்டு சமணப் பெண்களுக்கான ஜைன பாலா விசிராமம் என்ற கல்வி நிலையத்தை நிறுவிய பண்டிதை சந்தாபாய் சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். அவரிடம் கல்வி பெற வந்தவர்கள் அவர் முகத்தில் விழிக்க அஞ்சவில்லை.

நமது பெருங்காப்பியமான சீவக சிந்தாமணியின் தொடக்கத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அரசன் சச்சந்தன் கொல்லப்படுகிறான். மயிற்பொறியில் தப்பிய விசயை நிறைமாதக் கருவுடன் சுடுகாட்டில் இறங்கி, அங்கேயே சீவகனைப் பெறுகிறாள். அப்போது ஒரு தெய்வம் உதவ வருகிறது. எந்த வடிவில் வருகிறது? ஒளிவீசும் தெய்வ வடிவில் அன்று. அவளுக்கு நன்கு பழக்கமான சண்பகமாலை என்னும் தோழியின் வடிவில். வந்து என்ன செய்கிறது? அந்த இரவைக் கடக்கத் துணை நிற்கிறது. குழந்தைக்கு ஒரு வழி செய்கிறது. வணிகன் கந்துக்கடன் அவனை எடுத்துச் செல்கிறான். பிறகு விசயையைத் தவப்பெண்டிர் வாழும் பள்ளியில் பாதுகாப்பாகச் சேர்க்கிறது. திருத்தக்கதேவர் உதவியை எவ்வளவு நடைமுறையாக எண்ணியிருக்கிறார் என்று நான் வியப்பதுண்டு. தெரிந்த முகம், இன்றிரவு என்ன, குழந்தைக்கு என்ன, நாளை எங்கே தங்குவது, இவ்வளவுதான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அது கையெழுத்து.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரியின் நிலையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர். வயது நாற்பத்து மூன்று. கணவர் நெல்லும் மணிலாவும் பயிரிட்டவர். தம் சம்பாத்தியத்தில் தம் பெயரிலேயே மூன்று ஏக்கர் வாங்கியிருந்தார். சென்னையில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். கல்லூரியில் படிக்கும் மகள், பன்னிரண்டாம் வகுப்பில் பதினேழு வயது மகன், வீட்டில் கணவரின் தாயார். பன்னிரண்டாம் நாள் கொழுந்தனார் ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். “அண்ணி, பட்டா மாத்தணும். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும். அம்மாவும் வராங்க” என்றார். கார் சென்று நிற்க இருந்த இடம் சார்பதிவாளர் அலுவலகம்.

அந்தச் சகோதரி அன்று காரில் ஏறவில்லை. துணிச்சலால் அன்று, மயக்கம் வந்துவிட்டது. மறுநாள் அவளுடைய தமக்கை எனக்குத் தொலைபேசியில் அழைத்தாள். எழுதி வைத்திருந்த தாளை வாங்கிப் படிக்கச் சொன்னேன். அது விடுதலைப் பத்திரம். அதாவது, தனக்குரிய பங்கை விட்டுக்கொடுத்துவிட்டதாக எழுதிக்கொடுக்கும் ஆவணம்.

இதில் ஒன்றை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இறந்தவர் பெயரிலுள்ள பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்ற யாரும் சார்பதிவாளர் முன் சென்று எதையும் எழுதிக்கொடுக்கத் தேவையில்லை. இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் நிலத்தின் ஆவணங்களையும் வைத்து வருவாய்த் துறைக்கு விண்ணப்பித்தால் வாரிசுகள் அனைவர் பெயரிலும் கூட்டுப் பட்டா கிடைக்கும். முத்திரைத் தாளும், பதிவு அலுவலகமும், கைரேகையும், புகைப்படமும் வந்துவிட்டால் அது வெறும் பட்டா மாற்றம் இல்லை. ஏதோ ஒரு உரிமை கை மாறுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணும் இந்த ஓர் அடையாளத்தைக் கொண்டு கண்டுகொள்ளலாம்.

அந்த மூன்று ஏக்கரில் யாருக்கு எவ்வளவு என்பதைப் பார்ப்போம். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணர்களாகிய நமக்கும் பொருந்தும். உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொந்தச் சொத்து முதலில் மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோருக்குச் சமமாகப் போகும். இங்கே மனைவி, மகள், மகன், தாயார் என நால்வர். மூன்று ஏக்கர் என்பது முந்நூறு சென்ட். ஆளுக்கு எழுபத்தைந்து சென்ட். கொழுந்தனாருக்கு இதில் பங்கே இல்லை. மகன் பதினெட்டு வயது நிறையாதவன். அவனுடைய எழுபத்தைந்து சென்டை நீதிமன்ற அனுமதியின்றித் தாயே நினைத்தாலும் விற்கவோ விட்டுக்கொடுக்கவோ கூடாது. மனைவிக்கு வரும் எழுபத்தைந்து சென்ட் அவளுக்கு முழு உரிமையுடையது. வாழும் வரை அனுபவித்துவிட்டுப் போக வேண்டியதன்று. அவள் தாய்வீடு சென்று தங்கினாலும், மறுமணமே செய்துகொண்டாலும், வந்த பங்கு போய்விடாது. மூதாதையர் வழி வந்த சொத்தாக இருந்தால் கணக்கு வேறு. அதற்கு வழக்கறிஞரிடம் செல்ல வேண்டும்.

இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே நம் சமூகத்தின் வழக்கம் கைம்பெண்ணுக்குச் சாதகமாக இருந்தது என்பதைப் பலர் அறியார். 1878ஆம் ஆண்டு, வட இந்தியச் சமணக் குடும்பம் ஒன்றின் வழக்கில், மகனில்லாத சமணக் கைம்பெண்ணுக்குக் கணவர் தாமே தேடிய சொத்தில் முழு உரிமை உண்டு என்ற வழக்கத்தை இலண்டன் பிரிவி கவுன்சில் ஏற்றுக்கொண்டது. அக்காலத்தில் பிற பெண்களுக்குக் கிடைக்காத நிலை அது. நம் முன்னோர் கொடுத்ததை நாம் பன்னிரண்டாம் நாள் காரில் ஏற்றித் திரும்ப வாங்கலாமா?

கொழுந்தனாரைக் கொடியவராக நான் சித்திரிக்கவில்லை. பின்னர் அவரோடும் பேசினேன். அண்ணி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டால் நிலம் வேற்றாருக்குப் போய்விடுமோ என்று அஞ்சியிருக்கிறார். அண்ணன் கிணற்று நீரைத்தான் தம் நிலத்துக்கும் பாய்ச்சி வந்தார். அந்த அச்சம் நியாயமானது; வழிதான் தவறு. முடிவில் நிலத்தை அவரே குத்தகைக்குப் பயிரிடுவது என்றும், குத்தகைப் பணத்தை ஆண்டுக்கு இருமுறை அண்ணியின் வங்கிக் கணக்கில் செலுத்துவது என்றும் எழுதிக்கொண்டனர். மாமியாரும் அதே வீட்டில் மருமகளுடனேயே இருக்கிறார். பத்திரம் பதிவாகியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடம் இருந்திராது. பதிவான பத்திரத்தை ஏமாற்றியோ வற்புறுத்தியோ வாங்கியதாகச் சொல்லி நீக்க வேண்டுமானால் உரிமையியல் நீதிமன்றம் செல்ல வேண்டும். அதற்கும் மூன்றாண்டுக் காலவரையறை உண்டு. கொழுந்தனார் மீது வழக்குத் தொடர்ந்துவிட்டு எந்தப் பெண்ணால் அதே தெருவில் வாழ முடியும்?

ஆகையால் என் வேண்டுகோள் இது. முதல் ஆறு மாதங்களுக்கு, பணம் கோரும் படிவங்களிலும் சான்றிதழ் மனுக்களிலும் தவிர வேறெதிலும் கையெழுத்து இடக்கூடாது என்று ஒரு வழக்கத்தை நம் சமூகமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். பெண் தானாக மறுத்தால் பேராசைக்காரி என்பார்கள். “வட்டத்தில் அப்படி ஒரு கட்டுப்பாடு இருக்கிறது” என்று சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுத்தால் பழி நம் மேல் வரட்டும்.

இதே காலத்தில் கடன்காரர்களும் வருவர். கணவர் பட்ட கடனுக்கு வாரிசுகள் பொறுப்பாவது அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு மட்டுமே. மனைவியின் சொந்த நகைக்கும் சம்பளத்துக்கும் அது நீளாது, அவளும் கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்தால் அன்றி. “வாய்மொழியாக வாங்கினார்” என்று வருபவரிடம் ஆவணத்தைக் காட்டச் சொல்லும் பணியை வட்டத்தில் ஓர் ஆண் உறுப்பினர் ஏற்பது நலம்.

சான்றிதழ்களில் எங்கே தவறு நேர்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இறப்பு, அது நிகழ்ந்த இடத்தில்தான் பதிவு செய்யப்படும். மேற்சொன்ன குடும்பம் ஊர்க் கிராம நிருவாக அலுவலரிடம் மூன்று முறை நடந்தது. சான்று இருந்ததோ சென்னையில். இருபத்தொரு நாட்களுக்குள் தெரிவித்தால் கட்டணம் இல்லை. அதற்குமேல் தாமதக் கட்டணம்; ஓராண்டு கடந்துவிட்டால் நடுவரின் ஆணை தேவைப்படும்.

அதைவிடப் பெரிய தொல்லை பெயர். நம்மவர்களுக்கே உரிய தொல்லை இது. கிரயப் பத்திரத்தில் பெயருக்குப் பின்னால் நயினார் என்று இருக்கும். ஆதார் அட்டையில் நயினார் இராது. வங்கிப் புத்தகத்தில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே இருக்கும். மருத்துவமனைப் படிவத்தை அழுதுகொண்டிருக்கும் வீட்டில் யாரோ ஒரு மைத்துனர் அவசரமாக நிரப்புவார். அவர் எழுதியதே இறப்புச் சான்றில் வந்துவிடும். பின்னர் மூன்று பெயரும் ஒருவரே என்று நிறுவ அலைய வேண்டும். நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொடுத்துச் சில இடங்களில் சரிசெய்யலாம். சில இடங்களில் ஏற்க மாட்டார்கள். எனவே அந்தப் படிவத்தை நிரப்பும்போது ஆதாரைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து அவ்வாறே எழுதுங்கள்.

வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கிராம நிருவாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்தபின் வட்டாட்சியர் வழங்குவார். இங்கே அடிக்கடி விடுபடுபவர்கள் இருவர்: மணமாகிச் சென்ற மகள், இறந்தவரின் தாய். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அன்று. பாட்டிக்கு எதற்கு என்ற நினைப்பால். ஒருவர் பெயர் விடுபட்டால் பின்னர் எல்லாம் நின்றுபோகும்.

வங்கியில் நியமனதாரர் பெயர் இருந்தால் பணம் விரைவில் கிடைக்கும். ஆயினும் அவர் அதை வாரிசுகள் சார்பாகவே பெறுகிறார். கணவருடைய ஏ.டி.எம். அட்டையைக் கொண்டு பணம் எடுப்பது எளிதாகத் தோன்றும். செய்யாதீர்கள், பிற வாரிசுகள் கேள்வி எழுப்ப இடமாகும். வங்கிப் புத்தகத்தை ஓராண்டுக்குப் பின்னோக்கி வரி வரியாகப் பாருங்கள். மே இறுதியிலோ ஜூனிலோ 436 ரூபாய் பிடிக்கப்பட்டிருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதிக் காப்பீடு. எக்காரணத்தால் இறந்திருந்தாலும் இரண்டு இலட்சம் ரூபாய் கோரலாம். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு. அந்தச் சகோதரியின் கணவர் கணக்கில் 436 இருந்தது. அவர் அதைப் பற்றி வீட்டில் சொன்னதே இல்லை. மகளின் கல்லூரிக் கட்டணம் அதிலிருந்துதான் கட்டப்பட்டது.

ஆதரவற்ற கைம்பெண்களுக்கான தமிழக அரசின் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டு முதல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. “நாம் போய் அதற்கு மனுப் போடுவதா?” என்று கௌரவம் பார்க்கிற குடும்பங்கள் நம்மிடம் உண்டு. தகுதியுள்ளவள் பெறுவது உரிமை. பிறர் அறியாமல் நாம் கொடுக்கும் நூறு ரூபாயை வாங்கும்போதுதான் அவள் கூசுகிறாள்.

இவை எல்லாம் ஒருவரால் ஆகாது. ஒரு குடும்பத்துக்கு இருவர், ஓராண்டு என்று நாம் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஒருவர் பெண், வீட்டுக்குச் செல்பவர். மற்றவர் அலுவலகங்களுக்கு உடன் செல்பவர். உறவினராக இல்லாதவரே நல்லது. பங்காளிகளுக்கு இடையே அவர் நிற்க வேண்டியிருக்கும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எந்த மனு எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது, ஒப்புகைச் சீட்டு எங்கே இருக்கிறது என்று எழுத வேண்டும். ஆனால் மனுவை அவளே கொடுக்கட்டும். நாம் அருகில் நிற்போம். முதன்முறை கை நடுங்கும். மூன்றாம் முறை எழுத்தர் “நாளைக்கு வாங்க” என்றால், “நேத்தும் இதைத்தான் சொன்னீங்க” என்று அவளே கேட்பாள். நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபோது அவ்வாறு கேட்ட பெண்களைக் கண்டு சலித்துக்கொண்டதுண்டு. இப்போது அதை எண்ணி வெட்கப்படுகிறேன்.

ஓராண்டில் மிகக் கடினமான நாட்கள் சில வரும்: அவர் பிறந்தநாள், திருமண நாள், முதல் மகாவீர ஜயந்தி. பெண்கள் அனைவரும் பட்டுடுத்தி ஆலயம் செல்லும் காலையில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாள். அந்தக் காலையில் வாசலுக்குச் சென்று, “நீயும் வா” என்று அழையுங்கள். வர மறுத்தால் வற்புறுத்தாமல் திரும்பிவிட்டு, அடுத்த ஆண்டும் செல்லுங்கள். என்னை மூன்றாம் ஆண்டு அழைத்தபோதுதான் நான் சென்றேன்.

வாசலருகே மேசை மீது ஒரு தாள் வைத்திருக்கிறோம். இவ்வாண்டில் கணவரை இழந்த ஆறு குடும்பங்களுக்கு இருவர் இருவராகப் பன்னிரண்டு பெயர் தேவை. இதுவரை எழுதியவர்கள் ஐந்து பேர், ஐவரும் பெண்கள். அலுவலகம் செல்ல இரு சக்கர வண்டி உள்ள ஆடவர்கள் பெயரையும் எதிர்பார்க்கிறேன். மணி நாலே கால் ஆகிறது. பின்கூடத்தில் இலை போட்டாயிற்று. பொழுது சாய்வதற்குள் எல்லோரும் உண்ண வேண்டும் என்பதால் என் உரையை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். வணக்கம்.